தகர ஷெட்டுல கிடக்குற இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எவ்ளோ நாள் தாங்கும்? (பிரிச்சது, பிரிக்காதது ரெண்டும்)

காட்பாடி_ஷெட்
வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக்குப் பின்னாடி தகரம் போட்ட ஷெட் ஒன்னு இருக்கு, அப்பா காலத்துல இருந்து வண்டி சாமான் எல்லாம் அங்கதான் கிடக்கு, இந்த லீவுல சுத்தம் பண்ண இறங்குனேன். வேலூர் வெயில் தெரியும்ல, வெளிய 42 அடிச்சா உள்ள தெர்மாமீட்டர் மத்தியானம் 50 தாண்டுது, ராத்திரி 27, 28க்கு இறங்கிடும். மேல் பரண்ல இருந்து எடுத்தது இதெல்லாம்:

20W-40 இன்ஜின் ஆயில் 1 லிட்டர், சீல் பிரிக்கல, பேக்கிங் 2020.
10W-30 ஆயில், போன வருஷம் பிரிச்சது, கால் லிட்டருக்கு கொஞ்சம் மேல மிச்சம்.
பச்சை கூலன்ட் கான்சன்ட்ரேட், பிரிச்சு மூணு வருஷம், அரை பாட்டில் இருக்கு. இதுலயே கொஞ்சம் தண்ணி கலந்து வேற ஒரு கேன்லயும் வச்சிருக்கேன்.
டாட் 4 பிரேக் ஆயில் 250 மில்லி, ரெண்டு வருஷம் முன்னாடி பிரிச்சது, 100 மில்லி போல இருக்கு.
டாட் 3 பிரேக் ஆயில் 250 மில்லி, பிளாஸ்டிக் பாட்டில், சீல் அப்படியே இருக்கு, 2020.

ஒரு 150 சிசி பைக்கும் ஒரு பழைய பெட்ரோல் காரும் இருக்கு. இதுல எதை ஊத்தலாம் எதை தூக்கிப் போடணும்? எல்லாத்தையும் ஒரே கணக்கா பாக்கணுமா இல்ல ஒவ்வொன்னுக்கும் தனி கணக்கா?

மணி_பைக்கர்
ப்ரோ யோசிக்கவே வேணாம், 50 டிகிரில அஞ்சு வருஷம் வெந்திருக்கு, எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. சூட்டுல ஆயில் உடைஞ்சு போயிடும், நான் ஒரு வருஷத்துக்கு மேல எதையும் வச்சுக்க மாட்டேன், ஆயில் காசு பாத்தா இன்ஜின் காசு போகும்.

ராஜபாளையம்_செந்தில்
நான் 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறேன். வண்டி ஓடலைன்னாலும் ஆறு மாசத்துல மாத்திடணும்னு மெக்கானிக் சொல்றார். அப்ப அஞ்சு வருஷ ஆயில் எப்படி நல்லா இருக்கும்?

பழைய_ஸ்பேனர்
செந்தில் தம்பி, நீங்க சொல்றது இன்ஜினுக்குள்ள ஊத்தி வச்ச ஆயிலப் பத்தி. அதுல பெட்ரோல் கலக்கும், கரி கலக்கும், எரியும்போது வர்ற தண்ணியும் அமிலமும் கலக்கும், அதனாலதான் வண்டி நின்னாலும் ஆறு மாசம் ஒரு வருஷம்னு கணக்கு வைக்கிறாங்க. காட்பாடி தம்பி கேக்குறது பாட்டில்ல கிடக்குற புது ஆயில். ரெண்டும் வேற வேற கதை.

நான் மெட்ராஸ்ல ஒரு ஆயில் கலக்குற பிளான்ட்ல லேப்ல 20 வருஷத்துக்கு மேல இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. மணி சொன்ன சூட்டு விஷயத்துக்கு முதல்ல வர்றேன். ஓடுற இன்ஜின்ல சம்ப்புக்குள்ள ஆயில் 100 டிகிரி பக்கம் கொதிச்சுக்கிட்டே சுத்துது, பிஸ்டன் ரிங் பக்கத்துல அதுக்கும் ரொம்ப மேல. அதைத் தாங்கத்தான் அதை செஞ்சிருக்கு. மூடி வச்ச பாட்டில்ல 50 டிகிரி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஏன்னா ஆயில் கெடணும்னா சூடு மட்டும் போதாது, காத்தும் வேணும், கரியும் உலோகத் தூளும் கூட இருந்தா இன்னும் வேகமா கெடும். சீல் பாட்டில்ல அதெல்லாம் கிடையாது.

ஆயிலுக்கு உண்மையான தொல்லை ரெண்டுதான். ஒன்னு, அதுல கலந்திருக்குற மருந்து, அதான் அடிட்டிவ், ரொம்ப நாள் அசையாம கிடந்தா கொஞ்சம் அடில தங்கலாம். இன்னொன்னு தண்ணி. பெரும்பாலான கம்பெனிங்க சீல் பிரிக்காத இன்ஜின் ஆயிலுக்கு பேக்கிங் தேதில இருந்து அஞ்சு வருஷம் போல சொல்றாங்க, சிலர் அதவிடக் கம்மியா சொல்றாங்க. பிரிச்சதுக்கு மூடி டைட்டா இருந்தா ஒன்னு ரெண்டு வருஷம் நான் பயப்படாம ஊத்துவேன்.

காட்பாடி_ஷெட்
ரொம்ப நன்றி சார். அப்ப 2020 ஆயில் எல்லைக்கோட்டத் தாண்டிடுச்சே. பாத்து கண்டுபிடிக்க வழி இருக்கா?

பழைய_ஸ்பேனர்
இருக்கு தம்பி. முதல்ல பாட்டில ஆட்டாம மெதுவா எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர்ல மேல் ஆயில் கொஞ்சம் ஊத்துங்க. அப்புறம் கடைசி நூறு மில்லி வரைக்கும் வேற பாத்திரத்துல இறக்கிட்டு, அடி ஆயில இன்னொரு டம்ளர்ல ஊத்துங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி பளிச்சுன்னு இருந்தா நல்லது. அடில உள்ளது மட்டும் கொஞ்சம் கலங்கலா இருந்தா எல்லாத்தையும் திருப்பி பாட்டில்ல ஊத்தி நல்லா குலுக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்க, மருந்து தங்குனதா இருந்தா திரும்பக் கலந்துடும். ஜெல்லி மாதிரி, சேறு மாதிரி அடில ஒட்டிக்கிட்டு வரலன்னா விட்டுடுங்க, அந்த ஆயில் இன்ஜினுக்கு வேணாம்.

மொத்தமா பால் கலந்த மாதிரி மங்கலா இருந்தா அது தண்ணி. சந்தேகமா இருந்தா பழைய தோசைக்கல்ல கரண்ட் அடுப்புல வச்சு, தண்ணி தெளிச்சா உடனே சுர்ருன்னு ஆவியாகுற சூடு வந்ததும் அடுப்ப நிறுத்திட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி இருக்கு. சத்தமில்லாம பரவுனா இல்ல. கண்ணாடி போட்டுக்கிட்டு செய்யுங்க, கேஸ் அடுப்புல செய்யாதீங்க, அந்தக் கல்லுல அப்புறம் சமைக்கவும் கூடாது.

டீசல்_அக்கா
ஸ்பேனர் அண்ணன் சொன்னதுக்கு மேல ஒன்னு சேத்துக்கறேன். ஆயில் கெடாம இருக்கறது வேற, உங்க வண்டிக்கு அது பொருந்துறது வேற. பைக்ல கிளச் ஆயில்லயே முங்கிக் கிடக்கும், அதனால டப்பால ஜாசோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு போட்டிருக்கணும், கார் ஆயில ஊத்துனா கிளச் வழுக்கலாம். பழைய பெட்ரோல் காருக்கு பிரச்சனை கம்மி. ஆனா பிஎஸ்6 டீசல் கார் வச்சிருக்கறவங்க பரண்ல கிடந்த பழைய டீசல் ஆயில எடுத்து ஊத்தவே கூடாது, அது எவ்ளோ புதுசா பளபளன்னு இருந்தாலும் சரி, புகை வடிகட்டிக்குள்ள சாம்பல் சேந்து அடைச்சுக்கும். எங்க டிராவல்ஸ்ல ஒரு வண்டிக்கு இப்படித்தான் ஆச்சு, டிரைவர் நல்லதுன்னு நெனச்சு ஸ்டோர்ல கிடந்தத ஊத்திட்டான்.

மணி_பைக்கர்
சரி ஆயில் ஓகே, ஒத்துக்கறேன். ஆனா பிரேக் ஆயில்? அதுவும் ஆயில்தானே, அதுக்கும் அஞ்சு வருஷம்தானே?

பழைய_ஸ்பேனர்
மணி, அது ஆயிலே இல்லப்பா. நாம எல்லாரும் பிரேக் ஆயில்னு சொல்லிப் பழகிட்டோம், ஆனா டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூணுமே கிளைக்கால் வகைத் திரவம், தண்ணில கரையும், காத்துல உள்ள ஈரத்த இழுத்துக்கும். அந்தப் பேர நம்பி யாரோ இன்ஜின் ஆயில பிரேக் டப்பால ஊத்தி, உள்ள உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போயி பிரேக் பிடிச்சுக்கிட்டு விடாம நின்ன வண்டிய நான் பாத்திருக்கேன். டாட் 5 மட்டும் சிலிகான், அது வேற ஜாதி, நம்ம ஊர் வண்டில கிட்டத்தட்ட கிடையாது, மத்ததோட கலக்கவும் கூடாது.

இன்ஜின் ஆயில் தண்ணியத் தள்ளும், பிரேக் ஆயில் தண்ணியக் கூப்பிட்டு உள்ள வச்சுக்கும். அதனால இதுக்கு ஆயில் கணக்க வைக்கக் கூடாது. உங்க பைக் ஹேண்டில்ல பிரேக் ஆயில் டப்பா மூடிய துடைச்சுப் பாருங்க, சீல் வச்ச டப்பால இருந்து மட்டும் ஊத்துன்னு இங்கிலீஷ்ல பொறிச்சிருப்பாங்க. எல்லாரும் தினம் பாக்குற இடம், யாரும் படிக்கறதில்ல.

சேலத்து_சீனு
இது எனக்கு நடந்துச்சு அண்ணே. கொல்லிமலை போயிட்டு இறங்குறோம், 70 கொண்டை ஊசி வளைவு, நானும் மச்சானும் ரெண்டு பேர் ஒரே வண்டில, முன் டிஸ்க் பிரேக்க பிடிச்சுக்கிட்டே வந்தேன். பாதிக்கு மேல இறங்குனதுக்கப்புறம் லிவர் பஞ்சு மாதிரி ஆகி ஹேண்டில் வரைக்கும் வந்துடுச்சு, பிரேக்கே பிடிக்கல. பின் பிரேக்கும் ஃபர்ஸ்ட் கியரும் வச்சு ஓரமா நிறுத்துனேன், கை நடுங்கிப் போச்சு. அரை மணி நேரம் உக்காந்துட்டு மறுபடி அமுக்கிப் பாத்தா லிவர் பழைய மாதிரி கெட்டியா இருக்கு, லீக் எங்கயும் இல்ல. கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் வீட்ல கிடந்த பழைய பிரேக் ஆயில், மூடி பாதி தெறந்தே கிடந்தது, அத டாப்-அப் பண்ணேன். அதான் காரணம். பிரிச்ச பாட்டில தயவு செஞ்சு வச்சுக்காதீங்க.

பழைய_ஸ்பேனர்
நல்ல வேளை தம்பி, ஓரமா நிறுத்தத் தோணுச்சே. ஆறுனதும் லிவர் திரும்ப கெட்டியானதுதான் அடையாளம். கேலிப்பர்ல திரவம் கொதிச்சு ஆவிக் குமிழி ஆயிடும், திரவத்த அமுக்க முடியாது ஆனா ஆவிய அமுக்கலாம், அதனால நீங்க அமுக்குன அமுக்கு எல்லாம் குமிழிக்கே போயிடும். ஆறுனா குமிழி திரும்ப திரவமாயிடும், ஒன்னுமே நடக்காத மாதிரி இருக்கும்.

புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, நூத்துக்கு 3.7 பங்கு தண்ணி சேந்தா 155க்கு மேல இருந்தா போதும்னு ஸ்டாண்டர்டுல இருக்கு. டாட் 3க்கு இதே கணக்கு 205, 140. முதல் ஒரு பங்கு தண்ணி சேரும்போதே கொதிநிலை சடார்னு இறங்கும், அப்புறம் இறங்குற வேகம் குறையும்.

ஆனா ஒன்னு கேக்கணும். டாப்-அப் எவ்ளோ ஊத்துனீங்க? வண்டில கடைசியா முழுசா பிரேக் ஆயில் மாத்துனது எப்போ?

சேலத்து_சீனு
ஒரு மூடி அளவுதான் ஊத்துனேன், பத்து மில்லி இருக்கும். முழுசா மாத்துனது... வாங்குனதுல இருந்து மாத்துனதே இல்ல, ஆறு வருஷம்.

பழைய_ஸ்பேனர்
அப்ப பழி பாட்டில் மேல மட்டும் போட முடியாது சீனு. மேல டப்பால ஊத்துன பத்து மில்லி ஒரே நாள்ல ஹோஸ் வழியா இறங்கி கேலிப்பருக்குப் போய்ச் சேராது. கொதிச்சது கேலிப்பர்லயே ஆறு வருஷமா கிடந்த திரவம். ரப்பர் ஹோஸ் வழியாவும் மூடி வழியாவும் அதுவா ஈரம் இழுத்திருக்கும். பிரிச்ச பாட்டில் ஆபத்துன்னு நீங்க சொல்றது சரிதான், ஆனா உங்களுக்கு அன்னைக்கு நடந்ததுக்கு காரணம் அதுவா இருக்க வாய்ப்பு கம்மி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க.

சேலத்து_சீனு
இத்தன நாள் அந்த பாட்டிலத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணே. இருந்தாலும் அதை நான் திரும்ப ஊத்த மாட்டேன்.

வேதியியல்_டீச்சர்
வணக்கம், நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன், வண்டி பத்தி பெருசா தெரியாது, ஆனா இந்த பாட்டில் மூச்சு விடுற விஷயம் எனக்கு ஆர்வமா இருந்துச்சு, அதனால கணக்குப் போட்டுப் பாத்தேன். காட்பாடி அண்ணன் பாட்டில் 250 மில்லி, உள்ள 100 மில்லி திரவம், மிச்சம் 150 மில்லி காத்து. ராத்திரி 27 டிகிரி, பகல் 50. காத்து 300ல 23 பங்கு விரியும், அதாவது 150 மில்லில பதினொன்னு, பன்னெண்டு மில்லி. மூடி லேசா காத்து விடும்னு வச்சுக்குவோம், பகல்ல 12 மில்லி காத்து வெளிய போகுது, ராத்திரி 12 மில்லி ஈரக் காத்து உள்ள வருது. நல்லா ஈரமான ராத்திரி காத்துல ஒரு லிட்டருக்கு 20 மில்லிகிராம் தண்ணி இருக்கலாம். அப்ப ஒரு நாளைக்கு உள்ள வர்றது கால் மில்லிகிராம்தான். வருஷம் முழுக்க கூட்டுனாலும் 100 மில்லிகிராம்கூட வரல. 100 மில்லி திரவத்துல அது நூத்துக்கு பத்துல ஒரு பங்குக்கும் கம்மி. இத வச்சுப் பாத்தா மூடி டைட்டா இருந்தா பிரிச்ச பாட்டிலும் பல வருஷம் தாங்கணுமே? நான் எங்கயாச்சும் தப்பு பண்ணிட்டேனா?

மணி_பைக்கர்
அக்கா செம கணக்கு. அப்ப பிரிச்ச பிரேக் ஆயில் நல்லாத்தான் இருக்கும், சும்மா பயமுறுத்துறாங்க.

பழைய_ஸ்பேனர்
டீச்சரம்மா, கணக்கு சரி, ஆனா வழி ஒன்னு விட்டுப் போச்சு. நீங்க மூடிய மட்டும் பாத்தீங்க, சுவரப் பாக்கல. பிளாஸ்டிக் பாட்டில் நம்ம கண்ணுக்கு மூடுன மாதிரி இருக்கும், ஆனா நீராவி அதோட சுவர் வழியாவே மெல்ல மெல்ல உள்ள போகும், பிளாஸ்டிக் சூடாக சூடாக வேகமாப் போகும். உள்ள இருக்குற திரவம் வர்ற தண்ணிய எல்லாம் விழுங்கிக்கறதால உள் பக்கம் எப்பவும் காஞ்சே இருக்கும், அதனால இழுப்பு நிக்கவே நிக்காது. மெல்லிசா இருக்குற சின்ன பாட்டில்ல, மூடி வழியா மூச்சு வாங்குறதவிட சுவர் வழியா வர்றது பல மடங்கு இருக்கும், வருஷத்துக்கு ஒரு கிராம் பக்கம் போனாலும் ஆச்சரியமில்ல.

இப்ப அதே ஒரு கிராம எடுத்துக்குங்க. முழு 250 மில்லில சேந்தா நூத்துக்கு அரை பங்குக்கும் கம்மி. காட்பாடி தம்பி பாட்டில்ல மிச்சம் இருக்குற 100 மில்லில சேந்தா கிட்டத்தட்ட ஒரு பங்கு. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு பங்கு. சுவர் அதே சுவர்தான், உள்ள திரவம் குறையக் குறைய பாதிப்பு ஏறுது. அடில கொஞ்சமா மிச்சம் வைக்கிற பாட்டில்தான் சீக்கிரம் கெடும்னு நாங்க லேப்ல சொல்றது இதனாலதான்.

மணி, அதனாலதான் சீல் பிரிக்காததுக்கும் காலம் உண்டு. தகர டப்பால வந்தா சுவர் வழியா ஈரம் போக வழியே இல்ல, அது ரொம்ப நாள் நிக்கும். பிளாஸ்டிக் பாட்டில்ல ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல நான் நம்ப மாட்டேன், அஞ்சு வரைக்கும் சொல்றவங்களும் இருக்காங்க.

வேதியியல்_டீச்சர்
சுவர் வழியா போகும்னு நான் யோசிக்கவே இல்ல சார். பசங்களுக்கு இதயே கணக்கா குடுக்கப் போறேன், பாட்டில் எடைய மாசா மாசம் தராசுல போட்டுப் பாக்க சொன்னா கூடுறது தெரியுமா?

பழைய_ஸ்பேனர்
மில்லிகிராம் காட்டுற தராசு ஸ்கூல்ல இருந்தா மழைக் காலத்துல கண்டிப்பா தெரியும்மா. பசங்க கைல படாம பாத்துக்குங்க, கண்ணுல பட்டா எரியும். பெயின்ட் மேல பட்டாலும் பெயின்ட் உரிஞ்சிடும், உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

பாண்டி_பீச்ரோடு
நான் கடலுக்குப் பக்கத்துல இருக்கேன், எங்க ஊர்ல சூடு வேலூர் அளவு இல்ல ஆனா காத்துல எப்பவும் பிசுபிசுப்பு. அப்ப எங்களுக்கு பிரேக் ஆயில் இன்னும் சீக்கிரம் கெடுமா? பாட்டில் கலர் மாறலன்னா நல்லதுன்னு மெக்கானிக் சொல்றார், சரியா? பேனா மாதிரி டெஸ்டர் ஆன்லைன்ல விக்குது, அது வாங்கலாமா?

பழைய_ஸ்பேனர்
ஈரம் அதிகம்னா இழுப்பும் அதிகம், ஆமா. கலர வச்சு சொல்ல முடியாது. தண்ணி சேந்தாலும் பிரேக் ஆயில் அதே தேன் கலர்ல தெளிவாத்தான் இருக்கும், ஏன்னா முழுசா கரைஞ்சிடுது. வண்டில கறுத்துப் போனா ரப்பரும் அழுக்கும் கரைஞ்சதுன்னு அர்த்தம், அது வேற தகவல்.

பேனா டெஸ்டர் மின்சாரம் எவ்ளோ பாயுதுன்னு பாத்து தண்ணி இவ்ளோன்னு குத்துமதிப்பா சொல்லுது. பிராண்டுக்கு பிராண்ட் மருந்து வேற, அதனால அளவும் மாறும். சிவப்பு எரிஞ்சா நம்புங்க, பச்சை எரிஞ்சத வச்சு பழசை ஊத்தாதீங்க. உண்மையிலயே கொதிக்க வச்சுப் பாக்குற மெஷின்தான் சரி, அது பெரிய வொர்க்ஷாப்லதான் இருக்கும். 250 மில்லி பாட்டில் விலைக்கு டெஸ்டர் வாங்கறதே வீண்னு நான் நெனைக்கிறேன்.

டீசல்_அக்கா
நான் டெஸ்டர் வச்சிருக்கேன் அண்ணே, நாலு வண்டிக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாக்குறேன், எனக்கு உதவியாத்தான் இருக்கு. பாட்டிலுக்கு வேணாம், ஓடுற வண்டிக்கு வச்சுக்கலாம்னு சொல்லுவேன்.

பழைய_ஸ்பேனர்
ஒரே பிராண்ட் ஊத்தி, ஒரே டெஸ்டர் வச்சு, அளவு ஏறுதான்னு பாத்தா சரிம்மா. அதுக்கு ஒத்துக்கறேன்.

ஷார்ஜா_முருகன்
நான் இங்க கேரேஜ்ல வேலை பாக்குறேன், கன்டெய்னர் ஸ்டோர் தான், ஜூலைல உள்ள கைய வைக்க முடியாது. இன்ஜின் ஆயில்ல நாங்க பிரச்சனையே பாத்ததில்ல. ஆனா 200 லிட்டர் பேரல வெளிய நிமிர்த்தி வச்சா, மேல பேரல் விளிம்புக்குள்ள பனித் தண்ணியோ மழைத் தண்ணியோ தேங்கி நிக்கும், பகல்ல உள்ள காத்து விரிஞ்சு வெளிய போகும், ராத்திரி ஆறும்போது மூடி வழியா அந்த தண்ணிய அப்படியே உறிஞ்சிடும். அதனால பேரல படுக்க வச்சு ரெண்டு மூடியும் ஆயில் மட்டத்துக்குக் கீழ இருக்குற மாதிரி, கடிகாரத்துல 3 மணி 9 மணி இருக்குற இடத்துல வைப்போம். சின்ன பாட்டிலுக்கு இது தேவையில்ல, நிமிர்த்தி வச்சா போதும்.

எங்களுக்கு தொல்லை குடுத்தது கூலன்ட். பழைய பச்சைக் கான்சன்ட்ரேட் கேன் திறந்தா அடில பசை மாதிரி கட்டி.

காட்பாடி_ஷெட்
ஐயோ முருகன் அண்ணே, அதான் என் கேன்லயும்! கான்சன்ட்ரேட் பாட்டில் தெளிவா இருக்கு, ஆனா தண்ணி கலந்து வச்ச கேன்ல அடில வெள்ளையா மாவு மாதிரி தங்கியிருக்கு. எங்க வீட்டு போர் தண்ணிதான் கலந்தேன்.

பழைய_ஸ்பேனர்
அந்த ரெண்டும் வேற வேற. முருகன் சொல்ற பசை, பழைய பச்சை வகைல போடுற சிலிகேட் ஜெல்லியா கட்டுறது, அது கான்சன்ட்ரேட்லயே ரொம்ப நாள் கிடந்தா வரும், சூடு அத வேகப்படுத்தும். அதனால அந்த வகைய ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல வைக்காதீங்க, சிலிகேட் இல்லாத ஆரஞ்சு, சிவப்பு வகைங்க இன்னும் நாள் தாங்கும், ஆனா கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கலர் போடுறாங்க, லேபிளப் படிங்க.

உங்க வெள்ளை மாவு, போர் தண்ணில உள்ள சுண்ணாம்பு. கூலன்ட்ல பாஸ்பேட்டோ சிலிகேட்டோ இருந்தா சுண்ணாம்போட சேந்து அடில இறங்கிடும். அப்படி இறங்குனது எது? ரேடியேட்டர துரு பிடிக்காம காப்பாத்த வேண்டிய மருந்துதான். கிளைக்கால் அப்படியே இருக்கும், ஆனா காவல் போயிடுச்சு. அந்தக் கேன கொட்டாம தனியா வச்சு வொர்க்ஷாப்ல குடுத்துடுங்க. இனிமே டிஸ்டில்டு வாட்டர்தான், பேட்டரிக்கு ஊத்துறோமே அது.

கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் ஈரம் இழுக்கும், ஆனா அதுல எப்படியும் தண்ணி கலக்கத்தான் போறோம், அதனால கவலையில்ல. மூடி டைட்டா இருந்தா பிரிச்சது ரெண்டு வருஷம் போல, பிரிக்காதது மூணுல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஓடும். உங்க மூணு வருஷ பாட்டில்ல அடில பசை இல்லைன்னா, ஒரு பிஎச் தாள் வச்சுப் பாருங்க. நல்ல கூலன்ட் 8ல இருந்து 10 பக்கம் காட்டும், 7க்குக் கீழ வந்தா அமிலமாயிடுச்சு, வேணாம். அந்தத் தாள் காவல் மருந்து முழுசா இருக்குன்னு சொல்லாது, ஆனா மோசமா போனத காட்டிக் குடுத்துடும்.

டீசல்_அக்கா
ஒன்னு கெஞ்சிக் கேக்குறேன். கூலன்ட தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க. இனிப்பா இருக்கும், பச்சைக் கலர் சர்பத் மாதிரி, குழந்தையோ நாயோ குடிச்சா கிட்னி போயிடும், உயிரே போகும். எங்க தெருவுல ஒரு நாய் அப்படித்தான் போச்சு. யாராச்சும் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும், பாட்டிலையும் கையோட கொண்டு போகணும்.

காட்பாடி_ஷெட்
அக்கா சொன்னதும் கை நடுங்குது, என் கேன் மினரல் வாட்டர் கேன்தான். இன்னைக்கே எடுத்துட்டேன்.

பாண்டி_பீச்ரோடு
அப்ப இதெல்லாம் எங்கதான் வைக்கிறது? ஃப்ரிட்ஜ்லயா?

பழைய_ஸ்பேனர்
ஃப்ரிட்ஜ் வேணவே வேணாம், சாப்பாட்டுப் பக்கத்துல வைக்கக் கூடாது, வெளிய எடுக்கும்போது பாட்டில் வேர்க்கவும் செய்யும். தகரத்துக்குக் கீழ பரண்தான் ஷெட்லயே சூடான இடம், அங்க இருந்து தரைக்கு இறக்குனாலே பல டிகிரி குறையும். வீட்டுக்குள்ள மாடிப்படிக்குக் கீழ, பூட்டுற இரும்பு அலமாரி இருந்தா இன்னும் நல்லது. வெயில் நேரா படக் கூடாது. பிரிச்ச தேதிய மார்க்கர்ல பாட்டில் மேல எழுதுங்க.

தம்பி, அந்த ஷெட்ல ஸ்ப்ரே டப்பா ஏதாவது இருக்கா? பிரேக் கிளீனர், செயின் லூப், பெயின்ட்? பெரும்பாலும் அது மேல 50 டிகிரிக்கு மேல வைக்காதேன்னு எழுதியிருக்கும். உங்க ஷெட்ல 50 தாண்டுதுன்னு முதல் பதிவுலயே சொன்னீங்க. நீங்க கேட்ட அஞ்சு பாட்டில விட அதுதான் எனக்கு பயமா இருக்கு.

காட்பாடி_ஷெட்
ரெண்டு செயின் லூப், ஒரு சில்வர் பெயின்ட் இருந்துச்சு சார், பரண்ல. இப்ப வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன்.

மத்ததையும் சொல்லிடறேன். 20W-40 ஆயில் மேலயும் அடியும் ஒரே மாதிரி தெளிவா இருந்துச்சு, தோசைக்கல்ல சத்தம் வரல, டப்பால ஜாசோ எம்ஏ போட்டிருக்கு, பைக்குக்கு இந்த தடவ ஊத்திட்டு கொஞ்சம் சீக்கிரமா மாத்திடப் போறேன். 10W-30 கார் ஆயில், அத கதவு கீலுக்கும் கேட்டுக்கும் வச்சுக்கறேன். கூலன்ட் கான்சன்ட்ரேட் பிஎச் 8 பக்கம் காட்டுச்சு, பசை இல்ல, கார்ல அடுத்த மாசம் கலக்கிடுவேன். டாட் 4 மிச்சம் தூக்கிட்டேன், புதுசா 250 மில்லி வாங்கிட்டேன்.

டாட் 3 சீல் பாட்டில் மட்டும் மனசு வரல. சீல் அப்படியே இருக்கே. பாட்டில் சுவர் கொஞ்சம் உள்ள ஒடுங்குன மாதிரி இருக்கு.

மணி_பைக்கர்
சீல் இருந்தா ஊத்தலாம்னுதான் நான் சொல்லுவேன் ப்ரோ, காருக்கு, டவுனுக்குள்ள ஓட்டுறதுக்கு.

பழைய_ஸ்பேனர்
நான் ஊத்த மாட்டேன் மணி. பிளாஸ்டிக்ல அஞ்சு வருஷம், 50 டிகிரி பரண், அதுவும் ஆரம்பத்துலயே 205தான் உள்ள டாட் 3. டவுன்ல ஓட்டுற வண்டிதான் ஒரு நாள் ஏற்காடும் போகும். சுவர் ஒடுங்கியிருக்கறதுக்கு சூடுல மூச்சு விட்டது காரணமா இருக்கலாம், உள்ள இருந்த காத்துல ஆக்சிஜன் செலவானதும் காரணமா இருக்கலாம், வெளிய இருந்து பாத்து அடிச்சு சொல்ல முடியாது.

வேதியியல்_டீச்சர்
அண்ணே தூக்கிப் போடாதீங்க, எனக்கு அனுப்பி வைக்க முடியுமா? புது பாட்டில் ஒன்னும் வாங்கி ரெண்டையும் லேப்ல மணல் தட்டுல வச்சு தெர்மாமீட்டரோட சூடு பண்ணி எது முதல்ல கொதிக்குதுன்னு பாக்கணும்.

பழைய_ஸ்பேனர்
டீச்சரம்மா, செஞ்சா புகைபோக்கி பெட்டிக்குள்ள மட்டும் செய்யுங்க, பசங்களத் தள்ளி நிக்க வைங்க, சூடான பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், திறந்த நெருப்பு கூடவே கூடாது. அஞ்சு மில்லிக்கு மேல எடுக்காதீங்க. ஆவி வெளிய போகாம திரும்ப இறங்குற மாதிரி கண்டென்சர் வச்சு செய்யணும், இல்லன்னா தண்ணி முதல்லயே பறந்துட்டு கொதிநிலை கூடுதலா காட்டிடும்.

காட்பாடி_ஷெட்
சரி டீச்சர், விலாசம் தனியா மெசேஜ்ல அனுப்புங்க. எடையும் போட்டு அனுப்புறேன், டப்பால 250 மில்லின்னு போட்டிருக்கு.